அஞ்சல் பெட்டிக்கு எத்தனை அறை?

ஜூலை மாதம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டர் கேட்டது ஒரே ஒரு தாள்தான்: அம்மாவுக்குக் கட்டிய மெடிக்ளைம் பிரீமியத்தின் ரசீது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80டி பிரிவின் கீழ் இதற்குக் கழிவு உண்டு. பெற்றோர் மூத்த குடிமக்கள் என்றால் அவர்களுக்காகக் கட்டிய தொகையில் 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். ரசீது மெயிலில்தான் வந்தது. வந்த அன்றே அதை ஒரு ஃபோல்டரில் பத்திரமாகப் போட்டதும் நினைவிருக்கிறது. எந்த ஃபோல்டர் என்பதுதான் நினைவில் இல்லை.

சம்பளக்காரர் ஒருவரின் மெயில் பெட்டியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பத்து வருடத்து மெயில்கள், அறுபது ஃபோல்டர்கள். ‘இன்சூரன்ஸ்’ என்று ஒன்று. அதற்குள் ‘கார்’, ‘எல்.ஐ.சி.’, ‘ஹெல்த்’ என மூன்று. ‘அம்மா’ என்று தனியாக ஒன்று. அதில் ஓய்வூதியம், ஆதார், டாக்டர் சீட்டு எல்லாம் இருக்கின்றன. ‘வரி 2023–24’, ‘வரி 2024–25’ என்று ஆண்டுக்கு ஒன்று. எதில் சேர்ப்பது என்று தெரியாதபோது போட்டுவைக்க ‘ரசீதுகள்’. பாலிசி எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் பெயரில் இன்னொன்று. அந்த ரசீது இந்த ஐந்தில் எதில் இருந்தாலும் அது தப்பான இடம் அல்ல. மெயில் வந்த நாளில் அவர் மனதில் அம்மா இருந்திருந்தால் ‘அம்மா’. ஏஜென்டோடு அப்போதுதான் போனில் பேசி முடித்திருந்தால் ஏஜென்ட் பெயர். மார்ச் மாதக் கடைசி அவசரமாக இருந்திருந்தால் ‘வரி’. போடும்போது இருந்த மனநிலை தேடும்போது இருப்பதில்லை. நுணுக்கமாகப் பிரித்த ஃபோல்டர்களின் சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

மெயிலைக் கொஞ்சம் பெரிய அறைகளில் போட்டுவைப்பதா, நிறையச் சின்ன அறைகளில் பிரித்து அடுக்குவதா என்ற கேள்வி மெயில் பரவத் தொடங்கிய காலத்திலேயே ஆராய்ச்சியாளர்களிடம் வந்துவிட்டது. 1996-இல் ஸ்டீவ் விட்டேக்கர், கேண்டஸ் சிட்னர் என்ற இருவர் அமெரிக்காவில் அலுவலக மெயில் பயன்படுத்தும் 20 பேரின் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசவும் செய்தார்கள். வந்ததை வந்தபடியே விட்டுவிடுகிறவர்கள் ஒரு வகை. அன்றன்றைக்கு எடுத்து அடுக்குகிறவர்கள் இன்னொரு வகை. சில மாதம் சேரவிட்டு, பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிப்பதுபோல ஒரே நாளில் சுத்தம் செய்கிறவர்கள் மூன்றாம் வகை. இந்த வகைப்பாட்டைவிடக் கவனிக்கவேண்டியது இன்னொன்று. அவர்கள் வைத்திருந்த ஃபோல்டர்களில் சராசரியாக மூன்றில் ஒன்றுக்கு மேல், சரியாகச் சொன்னால் 35 சதவீதத்தில், ஒன்றோ இரண்டோ மெயில்கள் மட்டுமே இருந்தன. ஒரு மெயிலுக்காக ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். அதன்பின் அந்த அறைக்கு ஆளே வரவில்லை. அந்த ஆய்வு இவற்றைத் தோற்றுப்போன ஃபோல்டர்கள் என்றே குறித்தது.

ஏன் தோற்கின்றன? ஃபோல்டர் எண்ணிக்கை கூடக் கூட, ஏற்கெனவே என்னென்ன பெயர் வைத்திருக்கிறோம் என்பது மறந்துபோகிறது. ஒரு வருடம் ‘இ.பி.’ என்று ஒன்று. அடுத்த வருடம் அதை மறந்து ‘கரண்ட் பில்’ என்று இன்னொன்று. வீடு மாறியதும் ‘புது வீடு – மின்சாரம்’. ஒரே வகை மெயில் மூன்று இடத்தில் சிதறிவிடும். பிறகு ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்து, கிடைக்கவில்லை என்றதும், அந்த மெயிலே வரவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

உங்கள் பெட்டியில் இது நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து எத்தனை மெயில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஐந்துக்குக் கீழே இருப்பவை எத்தனை, கடைசி மெயில் இரண்டு வருடத்துக்கு முந்தியதாக இருப்பவை எத்தனை, ஒரே பொருளில் இரட்டைப் பெயர் கொண்டவை எத்தனை என்று தாளில் குறித்துக்கொண்டே போனால் கால் மணி நேரத்தில் படம் தெளிவாகிவிடும்.

அந்த 1996 ஆய்வுக்குப் பதினைந்து வருடம் கழித்து, அதே விட்டேக்கர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து இன்னும் பெரிய சோதனை ஒன்றைச் செய்தார். மெயிலை அடுக்கிவைப்பது நேர விரயமா என்று தலைப்பிலேயே கேட்ட அந்தக் கட்டுரை 2011-இல் வந்தது. இந்த முறை பேட்டியை நம்பவில்லை. புளூமெயில் என்ற பெயரில் நிறுவனத்துக்குள் ஓடிய ஒரு மெயில் மென்பொருளில், 345 பேர் பழைய மெயிலைத் தேடி எடுத்த 85,000-க்கும் மேற்பட்ட செயல்களைப் பதிவு செய்தார்கள். ஃபோல்டரைத் திறந்து தேடினார்களா, தேடல் கட்டத்தில் சொல்லைத் தட்டினார்களா, பட்டியலை உருட்டிக்கொண்டே போனார்களா, எவ்வளவு நேரம் ஆனது என்று எல்லாமே கணக்கில் வந்தன.

கிடைத்த விடை, அடுக்கிவைப்பதில் ஈடுபாடு உள்ளவர்களுக்குச் சற்று வருத்தம் தருவதுதான். ஃபோல்டர் வழியாகப் போய் எடுக்க ஏறக்குறைய 58 வினாடி. சொல்லைத் தட்டித் தேட ஏறக்குறைய 17 வினாடி. நிறைய ஃபோல்டர்களைச் சிக்கலாகக் கட்டிவைத்தவர்கள், தேடும்போது அவற்றைத்தான் நம்பிப் போனார்கள். நம்பியதால் நேரம் கூடியதே தவிர, தேடியது கிடைப்பது கூடவில்லை. ஒரு பேச்சுத் தொடரில் வந்த மெயில்களை ஒன்றாகக் கோத்துக் காட்டும் வசதியும் தேடலைப் போலவே உதவியாக இருந்தது.

இதை ஒரேயடியாக எல்லார் வீட்டுக்கும் பொருத்திவிடக் கூடாது. அது அலுவலக மெயில். தேடியவர்கள் கணினி நிறுவன ஊழியர்கள். எந்தச் சொல்லைத் தட்டினால் எது வரும் என்ற பழக்கம் உள்ளவர்கள். மெயில் அதிகம் வருகிறவர்கள்தான் அதிகம் அடுக்கினார்கள் என்பதையும் அந்த ஆய்வு கண்டது. அதாவது பிறகு எடுப்பதற்காக மட்டும் அவர்கள் ஃபோல்டரில் போடவில்லை. இன்பாக்ஸ் நிரம்பி வழிந்தால் அன்றைக்குச் செய்யவேண்டிய வேலை கண்ணில் படாது; அதை ஒழிக்கத்தான் போட்டார்கள். இது நியாயமான தேவை. ஆனால் இன்பாக்ஸைக் காலி செய்ய அறுபது அறை வேண்டியதில்லை. ஒரே ஓர் அறை போதும்.

அந்த ஓர் அறை யோசனையை 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி வெளிவந்த ஜிமெயில் வெளிப்படையாகவே முன்வைத்தது. மற்ற இலவச மெயில் சேவைகள் சில மெகாபைட் இடம் மட்டும் தந்துகொண்டிருந்த நேரத்தில் அது ஒரு ஜிகாபைட் கொடுத்தது. அழிக்கவேண்டிய கட்டாயம் போனது. முடிந்ததை ஆர்க்கைவ் செய், வேண்டும்போது தேடு என்பதுதான் அதன் அடிப்படை. ஃபோல்டருக்குப் பதிலாக லேபிள் என்று ஒன்றை வைத்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்; உள்ளே நடப்பது வேறு. ஃபோல்டர் என்பது அலமாரித் தட்டு. ஒரு புத்தகம் ஒரு தட்டில்தான் இருக்க முடியும். லேபிள் என்பது புத்தகத்தின் மேல் ஒட்டும் சீட்டு. ஒன்றுக்கு மேலும் ஒட்டலாம். அம்மாவின் ரசீதுக்கு ‘குடும்பம்’ என்றும் ஒட்டலாம், ‘பணம்’ என்றும் ஒட்டலாம். மெயில் என்னவோ ஒன்றுதான். அவுட்லுக்கில் ஃபோல்டர் ஃபோல்டராகவே இருக்கிறது. ஒட்டுச் சீட்டு வேலைக்கு அங்கே வண்ண வகைகள் தனியாக உண்டு.

ஒரு பொருளுக்குப் பல முகம், ஆனால் அலமாரியில் ஓர் இடம்தான் என்ற இந்தச் சங்கடத்தை மெயில் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஒரு தமிழர் பிடித்து ஆராய்ந்திருக்கிறார். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்தில் புத்தகங்களை ஒரே மரக்கிளை வரிசையில் அடுக்கும் முறை அவருக்கு நிறைவு தரவில்லை. ஒரு நூல் எதைப் பற்றியது, அதில் எந்தக் கூறு, எந்த இடம், எந்தக் காலம் என்று முகம் முகமாகப் பிரித்து, தேவைக்கு ஏற்பக் கோத்துக்கொள்ளும் கோலன் பகுப்பு முறையை 1933-இல் வெளியிட்டார். லண்டன் கடை ஒன்றில் துண்டுகளைப் பூட்டி விளையாடும் மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோது இந்த எண்ணம் உருப்பெற்றது என்பது நூலக உலகில் பலரும் அறிந்த செய்தி. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1931-இல், அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மெயில் பெட்டியில் அடுக்குகிறவரும் வாசகரும் ஒரே ஆள். ஆகவே யாருடைய நேரம், எப்போதைய நேரம் என்று கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒருவருக்கு நாளுக்கு நாற்பது மெயில் வருகிறது. ஒவ்வொன்றையும் எந்த ஃபோல்டர் என்று யோசித்து இழுத்துப் போட ஐந்து வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 200 வினாடி. பார்த்தால் சின்னதுதான். ஆனால் வருடத்துக்கு அது இருபது மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதே மனிதர் பழைய மெயில் ஒன்றை வாரத்துக்கு ஒரு தடவை தேடுகிறார். தேடல் சரியாக அமையாமல் ஒவ்வொரு தடவையும் முழுசாக ஒரு நிமிடம் போகிறது என்றே வைப்போம். வருடத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மணியைக் குறைக்க இருபது மணியைச் செலவிடுகிறார். வந்ததில் பெரும்பகுதியை மறுபடி யாரும் திறந்தே பார்ப்பதில்லை என்பதால் அந்த உழைப்பு திரும்பி வருவதில்லை.

சரி, கொஞ்சம் பெரிய அறைகள் என்றால் எத்தனை, என்னென்ன? குடும்ப மெயிலுக்கு நான்கு போதும்: ‘பணம்’, ‘வீடு’, ‘உடம்பு’, ‘குடும்பம்’. மீதி எல்லாம் ஆர்க்கைவ். பெயர்கள் எப்படி இருந்தாலும் ஒரு சோதனையில் தேறவேண்டும்: அனுப்பியவர் பெயரையும் தலைப்பு வரியையும் பார்த்த மாத்திரத்தில், மெயிலைத் திறக்காமலேயே, கை தானாக ஒரு ஃபோல்டருக்குப் போகவேண்டும். யோசிக்கவேண்டி வந்தால் அந்தப் பிரிவினை நுணுக்கமாகிவிட்டது என்று பொருள்.

நான்கிலும்கூட இரண்டு ஒன்றின் மேல் ஒன்று விழும். அம்மாவின் மெடிக்ளைம் பணமா, உடம்பா? இதற்கு ஒரு முறையை முதலிலேயே முடிவு செய்து வைத்துக்கொள்ளவேண்டும். பணம் கைமாறினால் ‘பணம்’ என்பது நல்ல முறை. பிரீமியம், ஃபீஸ், வாடகை, வீட்டு வரி எல்லாம் அங்கே போய்விடும். டாக்டர் சீட்டும் பரிசோதனை முடிவும் ‘உடம்பு’க்கு வரும். அப்படியும் தவறிப்போனால் பார்க்கவேண்டிய இடம் இரண்டுதான். அறுபது ஃபோல்டரில் தவறினால் ஐந்து இடம், அதுவும் எந்த ஐந்து என்று முதலில் நினைவுக்கு வரவேண்டும்.

இப்போது அந்த ரசீதைத் தேடலாம். ஜிமெயில் தேடல் கட்டத்தில் இதைத் தட்டினால் போதும்:

```
premium has:attachment after:2024/04/01 before:2025/04/01
```

பிரீமியம் என்ற சொல் இருக்கவேண்டும், கூடவே இணைப்பு ஒன்று இருக்கவேண்டும், 2024 ஏப்ரலில் இருந்து 2025 மார்ச் முடிய வந்ததாக இருக்கவேண்டும். நிதியாண்டு அதுதான். பத்து வருடத்து மெயில் இந்த மூன்று சல்லடையில் விழுந்து ஏழெட்டாகச் சுருங்கும். கார் இன்சூரன்ஸ், எல்.ஐ.சி., அம்மாவுடையது என்று கண்ணாலேயே பிரித்துவிடலாம். எந்த ஃபோல்டரில் இருந்தாலும் தேடல் அதைக் கொண்டுவரும். ஆக, ஃபோல்டர் தவறியது பெரிய நஷ்டமாவதில்லை. ஸ்பேம், குப்பை ஆகிய இரண்டையும் மட்டும் ஜிமெயில் தானாகத் தேடாது. அங்கேயும் பார்க்க `in:anywhere` என்று சேர்க்கவேண்டும். குப்பையில் போனது 30 நாளில் அழிந்துவிடும் என்பதால் அதில் தாமதம் கூடாது.

தேடல் எப்போதும் வெல்லும் என்று இல்லை. அது எங்கே கைவிடும் என்று தெரிந்துகொண்டால்தான் பெரிய ஃபோல்டர்களை நம்பி இறங்க முடியும். சொல் இருந்தால்தான் தேடல் கண்டுபிடிக்கும். ஏஜென்ட் அந்த ரசீதை அனுப்பிய மெயிலில் ஒரு வரிகூட எழுதாமல், தலைப்பில் ‘Fwd:’ என்று மட்டும் விட்டு, `Scan_0034.pdf` என்ற பெயரில் ஒரு படத்தை இணைத்து அனுப்பியிருந்தால், பிரீமியம் என்ற சொல்லை எத்தனை தடவை தட்டினாலும் அது மேலே வரும் என்று நம்ப முடியாது. வங்கிகள் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டுகள் பெரும்பாலும் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்புகள். பூட்டிய கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தேடல் பார்க்காது. மெயிலின் மேல்வரிகள் மட்டும்தான் அதற்குத் தெரியும். இன்னொன்று, ஜிமெயில் முழுச் சொல்லாகத்தான் பார்க்கும். பாலிசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் நினைவிருக்கிறது என்று அதைத் தட்டினால் வராது. எண் முழுதாக வேண்டும்.

தமிழில் எழுதும் மெயில்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். ‘காப்பீடு’ என்று தட்டுகிறோம். மெயிலில் ‘காப்பீட்டுத் தொகை’ என்று இருக்கிறது. நமக்கு ஒரே சொல். எழுத்தை எழுத்தாகப் பார்க்கும் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு. பெயர்களும் அப்படித்தான். ஒரே ஊர்க்காரரின் பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். இந்த இடங்களில் சொல்லை விட்டுவிட்டு, அனுப்பியவரின் முகவரியையும் காலத்தையும் வைத்துத் தேடுவது நல்லது. `from:` என்று போட்டு முகவரியின் பகுதியைக் கொடுத்து, `after:` என்று தேதியையும் கொடுத்தால், எழுத்துப் பிழை குறுக்கே வராது.

பேச்சில்லாத மெயிலுக்கு நாமே பேச்சுக் கொடுப்பது அதைவிட உறுதியான வழி. ‘Fwd:’ என்று மட்டும் வந்த அந்த மெயில் வந்த அன்றைக்கே, அதை நம் முகவரிக்கே ஃபார்வர்டு செய்து, மேலே ஒரு வரி எழுதிவிடலாம்: “அம்மா மெடிக்ளைம் பிரீமியம் ரசீது 2024–25 80D premium receipt.” தமிழிலும் ஆங்கிலத்திலும், பிற்காலத்தில் எந்தச் சொல்லைத் தட்டுவோம் என்று தோன்றுகிறதோ அந்தச் சொற்கள் எல்லாம் அந்த ஒரு வரியில். பத்து வினாடி வேலை. மாதத்துக்கு மூன்று நான்கு மெயிலுக்குத்தான் இது தேவைப்படும். ஒரு ஃபோல்டர் தரும் பெயர் ஒன்றுதான். இந்த வரியில் ஆறு பெயர் வைக்கலாம். ரங்கநாதன் சொன்ன முகங்களை ஒரு வரியில் ஒட்டிவைப்பது போலத்தான் இதுவும்.

அப்படியானால் நுணுக்கமான ஃபோல்டருக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஒரு கட்டாக மொத்தமும் எடுத்துக் கொடுக்கவேண்டிய விஷயத்துக்குத் தனி ஃபோல்டர் வேண்டும். வீடு கட்டுகிறவருக்கு இன்ஜினியரின் வரைபடம், வங்கிக் கடன் கடிதம், உள்ளாட்சி அனுமதி, சிமென்ட் கடைக்காரரின் பில், மின் இணைப்பு விண்ணப்பம் என்று பத்துப் பதினைந்து பேரிடமிருந்து மெயில் வரும். இவற்றுக்குள் பொதுவான சொல் ஒன்றுகூட இருக்காது. எந்தத் தேடலும் இவற்றை ஒன்றாகக் கொண்டுவராது. வங்கி கேட்டால் கட்டோடு கொடுக்கவேண்டும். நீதிமன்ற வழக்கு, நீண்ட சிகிச்சை, வெளிநாட்டுப் படிப்புக்கான விண்ணப்பம் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. பெயரில் வருடத்தைச் சேர்த்து ‘வீடு கட்டுமானம் 2024’ என்று வைத்தால், முடிந்ததும் அப்படியே பெரிய ஃபோல்டருக்குள் உள்ளறையாகத் தள்ளிவிடலாம். ஆண்டுக்கு ஒரு வரி ஃபோல்டர் வைத்திருப்பவர்களும் இந்தக் காரணத்தால் செய்வது சரிதான். ஆடிட்டருக்குக் கட்டாகத்தான் கொடுக்கவேண்டியிருக்கிறது. ஒரே நிபந்தனை: அது மார்ச்சில் அவசரமாகத் தொடங்காமல் ஏப்ரலிலேயே தொடங்கவேண்டும்.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியாகவேண்டும். நிறைய ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் கையால் இழுத்துப் போடுவதில் சலித்து, வந்ததும் தானாகவே ஃபோல்டருக்குப் போகும்படி ஃபில்டர் எழுதிவைப்பார்கள். ஜிமெயிலில் அதற்கான கட்டத்தில் `Skip the Inbox (Archive it)` என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தால் மெயில் இன்பாக்ஸையே தொடாமல் நேராக ஃபோல்டருக்குப் போகும். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அதை இப்படி ‘இ.பி.’ ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டால், அந்த ஃபோல்டரை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நினைவாகத் திறக்கவேண்டும். திறக்க மறந்தால் கடைசித் தேதி ஓசையில்லாமல் கடந்துவிடும். 1996 ஆய்வில் பேசியவர்கள் இன்பாக்ஸில் மெயிலை விட்டுவைத்ததற்கும் இதுதான் காரணம்; கண்முன் இருப்பதுதான் நினைவூட்டும். கட்டவேண்டியது, பதில் சொல்லவேண்டியது எதற்கும் இந்தத் தேர்வு கூடாது. படித்தாலும் படிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்ற விளம்பர மெயிலுக்கு மட்டும் அது பொருந்தும்.

அறுபதை நான்காகக் குறைக்க முடிவு செய்தவர், மெயில் மெயிலாகத் திறந்து பார்க்கத் தொடங்கினால் இரண்டு நாளில் கைவிட்டுவிடுவார். ஃபோல்டர் ஃபோல்டராகச் சேர்ப்பதே வழி. ஜிமெயிலில் பழைய லேபிளைத் திறந்து மேலே உள்ள கட்டத்தைத் தட்டினால் எல்லாம் தேர்வானதுபோலத் தெரியும். உண்மையில் அந்தப் பக்கத்தில் இருப்பவை மட்டுமே, வழக்கமாக ஐம்பது, தேர்வாகியிருக்கும். முழுவதையும் தேர்வு செய்ய அதற்கு மேலே தோன்றும் வரியைத் தனியாகத் தட்டவேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பாதி மெயில் காணோம் என்று பதறக்கூடாது. புதிய லேபிளை ஒட்டிய பிறகு பழைய லேபிளை அழித்துவிடலாம். ஜிமெயிலில் லேபிளை அழித்தால் சீட்டு மட்டும்தான் போகும், மெயில் `All Mail` பகுதியில் அப்படியே இருக்கும்.

அவுட்லுக்கில் அப்படி அல்ல. அங்கே ஃபோல்டரை அழித்தால் உள்ளே இருக்கும் மெயிலும் சேர்ந்தே `Deleted Items` பகுதிக்குப் போய்விடும். ஆகவே முதலில் மெயில்களை நகர்த்தி, ஃபோல்டர் காலியாகிவிட்டது என்று கண்ணால் பார்த்து, அதன் பிறகே அழிக்கவேண்டும். ஜிமெயிலில் பழகியவர் அலுவலகத்து அவுட்லுக்கில் அதே கைப்பழக்கத்தில் அழுத்திவிடும் இடம் இதுதான். இரண்டிலும் பொதுவான இன்னொரு வேலை: பழைய ஃபில்டர்களை முதலில் சரிபார்ப்பது. அழித்த ஃபோல்டருக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்த ஃபில்டர் இருந்தால், அடுத்த மின் கட்டண மெயில் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

இவ்வளவையும் கேட்ட பிறகு, ஆர்க்கைவ் என்ற ஒரே அறையும் ஒரு தேடல் கட்டமும் இருந்தால் போதாதா, அந்த நான்கு ஃபோல்டரும் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். தனியாளுக்கு அது போதும்தான், அவர் நினைவோடு இருக்கும்வரை. தேடலுக்குத் தேவை, தேடுகிறவர் மனதில் ஒரு சொல். அந்தச் சொல் மெயிலுக்கு உரியவரிடம் இருக்கிறது. மனைவியிடம் இல்லை, பிள்ளைகளிடம் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் இருக்கிறார், வெளியே நிற்கும் மகளிடம் மெடிக்ளைம் பாலிசி எண்ணைக் கேட்கிறார்கள். எந்த கம்பெனி என்றே அவளுக்குத் தெரியாது. என்ன சொல்லைத் தட்டுவாள்? அப்பாவின் போனைத் திறந்தால், இடது பக்கம் ‘உடம்பு’, ‘பணம்’ என்று இரண்டு பெயர் தெரிந்தால், அவள் தேடவேண்டியதில்லை. திறந்து பார்த்தால் போதும். அதே இடத்தில் அறுபது பெயர் இருந்தால், அதில் பாதி அப்பாவுக்கு மட்டுமே புரியும் சுருக்கெழுத்தாக இருந்தால், அவள் நிலைமை தேடலைவிட மோசம்.

ஆகவே நான்கு ஃபோல்டர்களின் பெயரை வைக்கும்போது, அந்த வீட்டில் இன்னொருவர் படித்தால் புரிகிறதா என்று பார்க்கவேண்டும். ஏஜென்ட் பெயர், அலுவலகச் சுருக்கம், ‘முக்கியம்’, ‘பார்க்க’ போன்றவை மற்றவருக்கு ஒன்றும் சொல்லாது. இரண்டு வருடம் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. கணக்கு நீண்டகாலம் செயலற்றுப்போனால் யாருக்குத் தெரிவிப்பது, எதையெல்லாம் பார்க்க அனுமதிப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்க அதே கூகுள் கணக்கின் அமைப்புகளில் `Inactive Account Manager` என்ற பகுதி இருக்கிறது. பத்துப் பேர் வரை அதில் குறிக்கலாம். குறித்தவர்களுக்கு அந்தப் பெட்டி வந்து சேரும்போது, பத்து வருடத்து மெயிலில் வீட்டுப் பத்திரத்தின் நகல் எங்கே என்று அவர்கள் முதலில் திறந்து பார்ப்பது, ‘வீடு’ என்று எழுதிய ஃபோல்டரைத்தான்.